வாகன இலக்கத்துக்குத் தமிழ் தேவையில்லை. வாகனம் விற்கிறவருக்குத்தான் தமிழ் தேவை

சம்மாந்துறையில் இருந்து வீரமுனைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வீதிதான். விற்பவரும் தமிழ் பேசுகிறார், வாங்குபவரும் தமிழ் பேசுகிறார். ஆனால் கையொப்பம் இடுகிற கடதாசி ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இதை நாம் எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

இப்போது எமது ஊர்களில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. "எங்களுக்குத் தமிழில் எழுதித் தாருங்கள்" என்று ஆட்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தட்டெழுத்துக் கடைகளும் எழுதிக் கொடுக்கின்றன. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக எங்களிடமும் இந்தக் கடதாசிகள் வருகின்றன. கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் எழுதிக் கொடுக்கப்படுகிற தமிழ்ப் பத்திரங்கள் பலவற்றைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எதைத் தமிழில் சொல்ல வேண்டுமோ அதை ஆங்கிலச் சொல்லாகவே விட்டுவிடுகிறார்கள். எதைத் தொடவே கூடாதோ அதைத் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். இந்தப் பதிவு அந்தப் பழக்கத்துக்கு எதிரானது.

தொடக் கூடாதது எது? எஞ்சின் இலக்கம், செஸி இலக்கம், பதிவு இலக்கம். இவை சொற்கள் அல்ல. இவற்றுக்குப் பொருள் கிடையாது. இரும்பில் அடித்திருக்கிற அடையாளங்கள். அவற்றை மொழிபெயர்க்க முடியாது, பார்த்து எழுத மட்டும்தான் முடியும்.

"ஆங்கில எழுத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் என்ன, வாசித்தால் அதே சத்தம்தானே வருகிறது" என்று சிலர் சொல்கிறார்கள். அதே சத்தம் வருவதுதான் ஆபத்து. ஓர் உதாரணம் பார்ப்போம். கீழே இருப்பவை நாம் உதாரணத்துக்காக அமைத்த இலக்கங்கள், எவருடைய வண்டியும் அல்ல.

```
பதிவு இலக்கம் : BDT-0000
செஸி இலக்கம்  : MD2AAAZZ0GWB00158
எஞ்சின் இலக்கம்: DTZPGB00518
```

இதிலுள்ள பதிவு இலக்கத்தைத் தட்டெழுத்துக் கடையில் தமிழில் "பிடிடி - 0000" என்று அடிக்கிறார்கள். இப்போது அந்தத் தமிழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு திரும்ப ஆங்கில எழுத்துக்குப் போங்கள் பார்ப்போம். முதல் எழுத்து B ஆக இருக்கலாம், P ஆகவும் இருக்கலாம். தமிழில் இரண்டுக்கும் "பி" தான். இரண்டாவது D ஆகவும் இருக்கலாம், T ஆகவும் இருக்கலாம். மூன்றாவதும் அப்படித்தான். ஆக மூன்று எழுத்துக்கு எட்டு விதமான விடைகள் வருகின்றன. எட்டில் ஒன்றுதான் உங்களுடைய வண்டி.

எஞ்சின் இலக்கத்தை எடுங்கள். D, T, P, B என்று நான்கு எழுத்துகள் இந்தக் குழப்பத்துக்குள் வருகின்றன. "டிடிஇசட்பிஜிபி00518" என்று எழுதினால் அது 16 எஞ்சின்களில் எதுவாகவும் இருக்கலாம். விற்றது ஒரு வண்டி, பத்திரம் சொல்வது 16 எஞ்சின்!

T எழுத்தை எங்கள் நாட்டுத் தமிழில் "ரி" என்று எழுதுகிற வழக்கம் இருக்கிறதே என்று மூத்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். "ரிவி" என்று எழுதிய தலைமுறை D எழுத்துக்கு "டி" என்றும் T எழுத்துக்கு "ரி" என்றும் பிரித்து எழுதியது. ஆனால் இன்று தட்டெழுத்துக் கடையில் இருக்கிற பிள்ளை "டிவி" என்று எழுதிப் பழகிய பிள்ளை. பத்திரத்தை எந்த வழக்கத்துக்காரர் அடித்தார் என்று பத்திரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படியே D யும் T யும் பிரிந்தாலும் B யும் P யும் ஒருநாளும் பிரியாது. தமிழ் எழுத்துக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை, அதனால் வைத்துக்கொள்ளவில்லை. இது தமிழின் குறை அல்ல. இலக்கத்தைத் தமிழில் எழுதப் போனவரின் குறை.

இதனால் என்ன ஆகிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

எமது நாட்டில் வாகனம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும்போது இரண்டு விதமான கடதாசிகள் எழுதப்படுகின்றன. ஒன்று, விற்பவரும் வாங்குபவரும் தமக்குள் எழுதிக்கொள்கிற விற்பனை உடன்படிக்கை. மற்றது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகிற படிவங்கள். புதிய உரிமையாளரைப் பதியும்படி கேட்கிற விண்ணப்பம் MTA 6. வாகனம் கைமாறிவிட்டது என்று பழைய உரிமையாளர் அறிவிக்கிற படிவம் MTA 8. உடன்படிக்கை உங்கள் இருவருக்கும் இடையிலான சாட்சி. பெயரை மாற்றுவது படிவம்தான். உடன்படிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும், படிவம் போய்ச் சேர்ந்து பதிவேட்டில் பெயர் மாறும் வரைக்கும், பதிவு செய்யப்பட்ட உரிமையாளர் பழையவர்தான்.

எங்களது உதாரணத்தில் உடன்படிக்கை தமிழில் எழுதப்பட்டு, இரண்டு பேரும் கையொப்பம் வைத்து, காசும் கொடுத்தாகிவிட்டது. படிவங்களில் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். "மற்றதைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம்" என்கிறார்கள். விற்பவர் அடுத்த மாதம் கட்டாருக்குப் போய்விடுகிறார். எமது ஊர்களில் வண்டி விற்கிறவர்களில் பலர் வெளிநாடு போவதற்காகத்தானே விற்கிறார்கள்.

வாங்கியவர் ஒருநாள் அந்தப் படிவத்தை நிரப்பக் கொடுக்கிறார். நிரப்புகிறவர் பக்கத்தில் இருக்கிற தமிழ் உடன்படிக்கையைப் பார்த்து "பி" என்பதை P என்று எழுதுகிறார். படிவம் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே ஒரே ஒரு கேள்விதான்: படிவத்தில் உள்ளதும் பதிவுச் சான்றிதழில் உள்ளதும் ஒன்றா? ஒன்றல்ல. படிவம் திரும்பி வருகிறது. டிப்பெக்ஸ் பூசி எழுதினால் சந்தேகம் கூடும். புதுப் படிவம் எடுத்தால் விற்றவரின் கையொப்பம் வேண்டும். விற்றவர் தோஹாவில் இருக்கிறார். இனி அவர் அங்கே இலங்கைத் தூதரகத்துக்குப் போய் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்ப வேண்டும், அல்லது லீவில் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

வாங்கியவர் என்ன செய்கிறார்? "ஓடத்தானே செய்கிறது" என்று அப்படியே ஓட்டுகிறார். பிறகு அதே கடதாசிக் கட்டோடு இன்னொருவருக்கு விற்கிறார். எமது ஊர்களில் "ஓபன் பேப்பர்" என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதில் ஒரு பகுதி இப்படித்தான் பிறக்கிறது. மூன்று கை மாறிய பிறகு அந்த வண்டி ஒரு விபத்தில் சிக்கினால் பொலிஸ் யாரைத் தேடும்? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டும். அவர் வெளிநாட்டில் என்றால் அந்தக் கதவைத் திறப்பது அவருடைய உம்மாவாகவோ மனைவியாகவோ இருக்கும்.

"ஓர் எழுத்துதானே சேர்" என்று எங்களிடம் சொல்கிறவர்களுக்கு இதுதான் பதில். அது ஓர் எழுத்துதான். அந்த ஓர் எழுத்தைத் திருத்துவதற்குத் தேவையான கையொப்பம் கடல் கடந்து போய்விட்டது.

இனி இதை எப்படிச் சரியாகச் செய்வது என்று சொல்கிறோம். முதலில், எதைப் பார்த்து எழுதுகிறோம் என்பது. பழைய உடன்படிக்கையைப் பார்த்து எழுதக் கூடாது. மங்கிய போட்டோக்கொப்பியைப் பார்த்தும் எழுதக் கூடாது. அதில் 8 உம் B உம் ஒன்றுபோல இருக்கும், 5 உம் S உம் ஒன்றுபோல இருக்கும். வட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்தும் எழுதக் கூடாது. பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியை மேசையில் வையுங்கள். அதில் இலக்கங்கள் எந்த எழுத்தில் இருக்கின்றனவோ அதே எழுத்தில், தமிழ் வாக்கியத்துக்கு நடுவில் தனி வரியாக எழுதுங்கள். தமிழ்ப் பத்திரத்தில் ஆங்கில எழுத்து வந்தால் தமிழ் கெட்டுவிடாது.

அடுத்தது வாயால் சொல்லி எழுதுவது. ஒருவர் வாசிக்க ஒருவர் அடிப்பதுதான் கடைகளில் வழக்கம். இங்கே பூச்சியம் ஒரு பெரிய பொறி. "டபுள் ஓ ஒன் பைவ் எய்ட்" என்று வாசிக்கிறார்கள். அடிக்கிறவர் O எழுத்தை இரண்டு தரம் அடித்துவிடுகிறார். கடதாசியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கணினியில் தேடினால் அந்த வாகனமே கிடையாது. ஆகவே பூச்சியத்தைப் "பூச்சியம்" என்றே சொல்லுங்கள். B என்றால் "பஸ்ஸின் பி", P என்றால் "பேப்பரின் பி" என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பூச்சியம் விடயத்தில் ஒரு நல்ல உதவி இருக்கிறது. இந்தியாவில் இருந்து வருகிற மோட்டார் சைக்கிள், ஓட்டோ போன்றவற்றின் செஸி இலக்கம் 17 இடங்கள் கொண்டது. உலக அளவில் ஒத்துக்கொண்ட அந்த முறையில் I, O, Q என்ற மூன்று எழுத்துகளும் வரவே வராது. 1 உடனும் 0 உடனும் குழம்பும் என்பதற்காகவே அவற்றை விலக்கி வைத்தார்கள். ஆகவே அப்படிப்பட்ட செஸி இலக்கத்தில் வட்டமாக ஒன்றைக் கண்டால் அது பூச்சியம்தான், நேர்கோடாகக் கண்டால் அது ஒன்றுதான். எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். 16 அல்லது 18 வந்தால் எங்கோ பிழை.

ஆனால் இந்த விதியை எல்லாவற்றுக்கும் பிரயோகிக்க வேண்டாம். எஞ்சின் இலக்கத்துக்கு இந்த விதி கிடையாது. ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பப்படி அடிக்கிறது. ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வருகிற கார், வேன்களுக்கும் 17 இடங்கள் இருக்காது. மொடலின் குறி முதலில், பிறகு ஒரு சிறு கோடு, பிறகு இலக்கங்கள் என்று அவை குறுகியதாக இருக்கும். அந்தச் சிறு கோட்டையும் சான்றிதழில் உள்ளபடியே எழுத வேண்டும்.

மூன்றாவது, சரிபார்ப்பது. எழுதியவரே வாசித்துப் பார்த்தால் பிழை தெரியாது. கண் தான் எதிர்பார்ப்பதைத்தான் வாசிக்கும். எங்களது உதாரணத்தை மீண்டும் பாருங்கள். செஸியின் கடைசி 158, எஞ்சினின் கடைசி 518. ஒன்றின் வாலை மற்றதில் ஒட்டிவிடுவது மிக இலகு. இதற்கு வழி, இன்னொருவரைக் கூப்பிட்டுப் பின்பக்கமிருந்து முன்பக்கமாக மூன்று மூன்றாக வாசிக்கச் சொல்வது. பின்னாலிருந்து வாசிக்கும்போது கண் ஊகிக்க முடியாது.

பிறகு வண்டியிடம் போங்கள். செஸியில் அடித்திருக்கிற இலக்கத்தின் மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் இலக்கம் அப்படியே கடதாசியில் பதியும். அதைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இரும்பில் உள்ளதும் சான்றிதழில் உள்ளதும் வேறாக இருந்தால் பேனையை மூடி வையுங்கள். எஞ்சின் மாற்றப்பட்டு, அந்த மாற்றம் திணைக்களத்தில் பதியப்படாமல் இருக்கலாம். அதைவிட மோசமான காரணமும் இருக்கலாம். எதுவானாலும் அது எழுதுகிறவர் தீர்க்கிற விடயம் அல்ல. "இரும்பில் உள்ளதையே எழுதிவிடுங்கள் சேர்" என்று சொல்வார்கள். எழுதக் கூடாது. முதலில் பதிவேடு திருந்த வேண்டும், பிறகுதான் விற்பனை.

இலக்கத்தைத் தொடாதீர்கள் என்று சொன்னோம். அப்படியானால் திகதி? அங்கேதான் நேர்மாறு. திகதியை வெறும் எண்களாக விட்டுவிடாமல் சொல்லில் எழுத வேண்டும்.

அரசாங்கக் கடதாசிகளில் வருடம் முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசி என்று எழுதுவது வழக்கம். வீட்டில் நாம் நாளை முதலில் எழுதுகிறோம். இணையத்தில் எடுத்த ஆங்கில மாதிரிகள் சிலவற்றில் அமெரிக்க முறைப்படி மாதம் முதலில் இருக்கிறது. 05.03.2024 என்று எழுதினால் அது மார்ச் 5 ஆகவும் இருக்கலாம், மே 3 ஆகவும் இருக்கலாம். "2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 05ஆந் திகதி" என்று எழுதினால் எவரும் மாற்றி வாசிக்க முடியாது.

மாதத்தின் பெயரிலும் எமது பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. டிசம்பரை "மார்கழி" என்று எழுதுகிற வழக்கம் எங்கள் நாட்டுத் தமிழில் நீண்ட காலமாக உண்டு. சில தட்டெழுத்துக் கடைகளில் "நல்ல தமிழ்" என்று இப்போதும் அப்படி அடிக்கிறார்கள். வாங்குபவர் வீரமுனைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வீட்டில் தொங்குகிற பஞ்சாங்கத்தில் மார்கழி 1 டிசம்பர் நடுப்பகுதியில்தான் வரும், பெரும்பாலும் 16ஆந் திகதி. அப்படியானால் "மார்கழி 5" என்பது விற்றவருக்கு டிசம்பர் 5, வாங்கியவருக்கு டிசம்பர் 20. இரண்டு பேருமே நேர்மையானவர்கள், இரண்டு பேருமே தமிழ்தான் வாசிக்கிறார்கள்.

இது சின்ன விடயம் அல்ல. வாகனம் கைமாறிய நாளில் இருந்து 14 நாட்களுக்குள் புதிய உரிமையாளர் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பர் 5 என்றால் அந்தக் காலம் 19ஆந் திகதி முடிந்துவிடுகிறது. மற்றவரின் கணக்கில் வண்டி விற்கப்பட்டதே 20ஆந் திகதிதான். ஒருவரின் கணக்கில் விற்பதற்கு முன்பே மற்றவரின் கணக்கில் தவணை முடிந்துவிட்டது! அந்த 15 நாட்களுக்குள் ஒரு விபத்து நடந்தால் வண்டி யாருடைய கையில் இருந்தது என்று எந்தப் பத்திரம் சொல்லும்? ஆகவே பத்திரத்தில் மார்ச், டிசம்பர் என்றே எழுதுங்கள். மார்கழியைக் கவிதையில் எழுதிக்கொள்ளலாம்.

கையளித்த நேரத்தையும் எழுதுங்கள். "பி.ப. 4.30 மணிக்கு வாகனமும் திறப்பும் கையளிக்கப்பட்டன" என்ற ஒரு வரி. அன்று பகல் விழுந்த தண்டப் பத்திரம் விற்றவருக்கு, அன்று இரவு விழுந்தது வாங்கியவருக்கு. உடன்படிக்கையில் உள்ள கைமாறிய திகதியும் MTA 6, MTA 8 இரண்டிலும் உள்ள திகதியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். படிவத்தில் திகதியை வெறுமையாக விட்டுக் கையொப்பம் வைப்பது, வெற்றுக் காசோலையில் கையொப்பம் வைப்பது போன்றது. தொகை எழுதுகிற இடத்தில் இங்கே உங்கள் பொறுப்பு முடிகிற நாளை இன்னொருவர் எழுதுவார்.

எங்கள் ஆட்களின் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் "முஹம்மது" ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் அதை எத்தனை விதமாக எழுதியிருக்கிறோம் என்று எங்கள் வகுப்பறை இடாப்பைப் பார்த்தாலே தெரியும். ஆகவே தமிழில் உள்ள பெயரைக் கேட்டு, எழுதுகிறவர் தனக்குத் தெரிந்தபடி ஆங்கிலத்தில் எழுதக் கூடாது. பத்திரத்தில் தமிழ்ப் பெயருக்கு அடுத்த வரியில் பதிவுச் சான்றிதழில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் பெயரையும், அதன் கீழ் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதுங்கள். சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். விற்றவர் ஊரில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதைத்தான் தமிழாக்குவது? வாக்கியங்களை. அங்கேதான் எமது ஆட்கள் ஏமாற்றப்படுகிறார்கள். பதிவுச் சான்றிதழில் இரண்டு விதமான உரிமையாளர்கள் வரலாம். ஒருவர் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர். மற்றது "அப்சலூட் ஓனர்" என்ற இடத்தில் வருகிற பெயர். லீசிங் காசு முடியும் வரைக்கும் அந்த இடத்தில் நிதிக் கம்பனி இருக்கும். தமிழ்ப் பத்திரத்தில் இரண்டையும் "உரிமையாளர்" என்று எழுதிவிட்டால், "உரிமையாளராகிய நான் விற்கிறேன்" என்று கையொப்பம் இடுகிறவருக்கு விற்கும் அதிகாரம் இருக்கிறதா என்பதே வாங்குபவருக்குத் தெரியாமல் போகிறது. இதைத் தமிழில் விரித்துச் சொல்லுங்கள்: "நிதிக் கம்பனிக்குக் கொடுக்க வேண்டிய காசு முழுவதும் கொடுத்து முடிந்தது. பதிவேட்டில் இருந்து அவர்களுடைய பெயரை நீக்குவதற்கான கடிதம் வாங்குபவரிடம் கையளிக்கப்பட்டது." அல்லது, முடியவில்லை என்றால், முடியவில்லை என்று எழுதுங்கள். வாங்குபவருக்கு விளங்க வேண்டிய தமிழ் இதுதான்.

உடன்படிக்கையின் கடைசியில் இன்னொரு வாக்கியத்தையும் சேர்க்கும்படி நாம் சொல்கிறோம்: "இப்பத்திரத்தில் உள்ள இலக்கங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள இலக்கங்களுக்கும் வேறுபாடு காணப்பட்டால் பதிவுச் சான்றிதழில் உள்ளவையே செல்லும். திருத்தப் படிவத்தில் கையொப்பமிட விற்பவர் உடன்படுகிறார்." இது பிழையை அழித்துவிடாது. ஆனால் பிழை எழுத்துப் பிழைதான், வேறு வண்டி அல்ல என்று நிரூபிக்க உதவும். எமது மொழிபெயர்ப்பின் எல்லையையும் சொல்லிவிடுகிறோம். ஆசிரியர் எழுதித் தருவது இருவரும் விளங்கிக்கொள்வதற்கானது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய மொழிபெயர்ப்பு என்றால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் ஒப்பமும் முத்திரையும் வேண்டும்.

இதை நாம் சொல்லும்போது இரண்டு பக்கமிருந்தும் எதிர்ப்பு வருகிறது. "தமிழில் எழுதுவதே வீண் வேலை, சிங்களத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் அலுவல் கெதியாக முடியும்" என்பது ஒன்று. அலுவல் கெதியாக முடியும்தான். ஆனால் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை, எந்த அரச அலுவலருடனும் தமிழில் அலுவல் செய்யும் உரிமையை எங்களுக்குத் தந்திருக்கிறது. வடக்கு கிழக்கில் பொதுப் பதிவேடுகள் பேணப்படுகிற மொழியும் தமிழ் என்று அதே உறுப்புரை சொல்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் கையொப்பம் வைப்பதற்கு இவ்வளவு உரிமை எதற்கு?

மற்றது, "எல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும், இலக்கத்தில் ஏன் ஆங்கில எழுத்து, இது எங்கள் மொழிக்கு அவமானம்" என்பது. இவர்களுக்கு ஒரு வரலாற்றை ஞாபகப்படுத்துகிறோம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957 ஜனவரியில் இருந்து வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி அதற்கு எதிராக இயக்கம் நடத்தியது, வடக்கிலும் கிழக்கிலும் வாகனங்களில் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். தகட்டில் இருந்த அந்த ஓர் எழுத்து 1958 கலவரத்துக்கு வழிவகுத்தவற்றில் ஒன்று. அந்தப் போராட்டம் எதற்காக என்று எங்களுக்குத் தெரியும், அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தகட்டில் எழுத்தை மாற்றியபோதும் பதிவேட்டில் இருந்த இலக்கம் மாறவில்லை. இன்றும் எமது வயல்வெளிகளில் ஸ்ரீ இலக்க உழவு இயந்திரங்கள் ஓடுகின்றன. அதை விற்கும்போது அந்த ஸ்ரீயைக் கோபத்தில் விட்டுவிட்டு எண்களை மட்டும் எழுதினால் என்ன ஆகும்? ஸ்ரீ இலக்கத்தின் ஒரு பகுதி. அது இல்லாத இலக்கம் வேறொரு இலக்கம். நட்டப்படுவது உழவு இயந்திரத்தை விற்ற தமிழ் பேசும் விவசாயிதான்.

மொழி உரிமை கேட்க வேண்டிய இடம் படிவம். MTA 6 தமிழில் நிரப்பிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும், விளக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், திருப்பி அனுப்பினால் காரணத்தைத் தமிழில் எழுதித் தர வேண்டும். இவற்றைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஆனால் "பிடிடி" என்று இலக்கம் எழுதிய ஒரு தமிழ்ப் பத்திரத்தை அந்த மேசையில் வைத்துவிட்டு உரிமை கேட்டால் என்ன சொல்வார்கள்? "தமிழில் கொண்டுவந்தால் இப்படித்தான் பிழை வரும், சிங்களத்தில் கொண்டுவாருங்கள்" என்பார்கள். அந்தச் சாட்டை நாமே அவர்கள் கையில் கொடுக்கிறோம்.

தட்டெழுத்துக் கடை வைத்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கணினியில் வைத்திருக்கிற பழைய மாதிரியைத் திறந்து, போன வண்டியின் இலக்கத்தை அழித்துப் புது இலக்கம் அடிக்கிறீர்களே, அந்த மாதிரியில் இலக்கம் வருகிற இடங்களை எல்லாம் இன்றே வெறுமையாக்கி வையுங்கள். போன வண்டியின் எஞ்சின் இலக்கம் இரண்டாம் பக்கத்தில் அப்படியே இருந்துவிடுகிற பத்திரங்கள் எங்கள் கைக்கு வந்திருக்கின்றன. முதல் பக்கத்தில் ஒரு வண்டி, இரண்டாம் பக்கத்தில் இன்னொரு வண்டி, கீழே ஒரே கையொப்பம்.

விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் சொல்வது இதுதான். கையொப்பம் வைப்பதற்கு முன் சான்றிதழையும் உடன்படிக்கையையும் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கிலும் அதே எழுத்து, அதே எண், அதே திகதி இருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் நீங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருக்கும் வரைக்கும்தான் கிடைக்கும்.

பகிர விரும்புகிறவர்கள் பகிருங்கள். மறுக்க விரும்புகிறவர்கள் "பி" என்று எழுதி, அது எந்தப் பி என்று சொல்லிவிட்டு மறுங்கள்.